கோடு அழிந்த பிறகும் ஏன் சண்டை? கேமரூனை வைத்து ஒரு கேள்வி

துறைமுகத்தான் · பிப்ரவரி 2, இரவு 9.50

ஆப்பிரிக்காவில் எங்கே சண்டை என்றாலும் நம்மிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. வெள்ளைக்காரன் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டான், இனங்களைக் கண்டபடி பிரித்தான், அதனால் அடித்துக்கொள்கிறார்கள் என்று. கேமரூனில் இந்தப் பதில் செல்லாது என்பது என் வாதம்.

1884இல் ஜெர்மனி அங்கே போய் டூவாலா அரசர்களிடம் கையெழுத்து வாங்கியது. முதல் உலகப் போரில், 1916இல், ஜெர்மனியைத் துரத்திவிட்டு பிரிட்டனும் பிரான்ஸும் அந்த நாட்டைப் பங்குபோட்டன. ஐந்தில் நான்கு பங்கு பிரான்ஸுக்கு. நைஜீரியாவை ஒட்டி, ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு துண்டுகள் பிரிட்டனுக்கு. பிரெஞ்சுப் பகுதி 1960 ஜனவரி 1 அன்று சுதந்திரம் பெற்றது. பிரிட்டிஷ் பகுதியில் 1961 பிப்ரவரி 11 அன்று வாக்கெடுப்பு நடந்தது. நைஜீரியாவோடு சேர்கிறாயா, கேமரூனோடு சேர்கிறாயா, இவ்வளவுதான் கேள்வி. தனியாக இருக்கிறேன் என்று சொல்ல இடமே கொடுக்கவில்லை. தெற்குத் துண்டில் 2,33,571 பேர் கேமரூனுக்கும் 97,741 பேர் நைஜீரியாவுக்கும் போட்டார்கள். அந்த வருடம் அக்டோபர் 1 அன்று ஒரே கூட்டாட்சி ஆனார்கள்.

ஆக, பிரிட்டிஷ்-பிரெஞ்சு கோட்டை அந்த மக்களே ஓட்டுப் போட்டு அழித்தார்கள். வண்டியை இடது பக்கம் ஓட்டியவர்கள் வலது பக்கத்துக்கு மாறினார்கள். பவுண்டு போய் சிஃபா பிராங்க் வந்தது. யாரும் அதற்காகக் கல் எறியவில்லை. அப்படியிருக்க, 2016இல் அதே பழைய கோட்டுக்கு மேற்கே, ஆங்கிலம் பேசும் பக்கத்தில், அரசுக்கு எதிராக மறியல் தொடங்கி, 2017இல் துப்பாக்கிச் சண்டையாகி, இன்றுவரை 6,000 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள்.

டூவாலாவில் அரிசி இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் சில வருடம் இருந்தேன். வேலை விஷயமாக லிம்பே போகும்போது, பழைய கோடாக இருந்த முங்கோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டவேண்டும். பாலத்துக்கு இந்தப் பக்கம் சோதனைச் சாவடியில் பிரெஞ்சில் பேசும் எங்கள் டிரைவர், அந்தப் பக்கம் போனதும் பிட்ஜின் என்ற கலப்பு ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிடுவார். ஆனால் இரண்டு கரையிலும் இருப்பவர்கள் சாவா என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் ஒரே கடலோர மக்கள். மேலே மலைப்பக்கம் போனாலும் அப்படித்தான், பமிலேகே மக்களும் கோட்டுக்கு மேற்கே இருக்கும் மலைநாட்டுக்காரர்களும் பங்காளிகள் மாதிரி. சண்டை போடுவது இனங்கள் இல்லை.

என் கேள்வி: கோடு அழிந்த பிறகு பிளவு எங்கே ஒளிந்திருந்தது?

ஈரோட்டான் · பிப்ரவரி 2, இரவு 10.30

இதில் என்ன புதிர்? மொழிதான். பிரெஞ்சைத் திணித்தார்கள், ஆங்கிலம் பேசுபவர்கள் எதிர்த்தார்கள். நாம் 1965இல் செய்ததைத்தான் அவர்கள் 2016இல் செய்திருக்கிறார்கள். ஆதிக்கம் செய்கிறவன் மொழியை வைத்துத்தான் உள்ளே வருவான்.

சும்மா_வாசகன் · பிப்ரவரி 2, இரவு 10.41

அதாவது ஆங்கிலேயனின் மொழியைக் காப்பாற்ற ஆப்பிரிக்கர் உயிர் கொடுக்கிறார், பிரெஞ்சுக்காரன் மொழியைக் காப்பாற்ற இன்னொரு ஆப்பிரிக்கர் சுடுகிறார். லண்டனிலும் பாரிஸிலும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு பார்க்கிறார்கள்.

வெண்பா · பிப்ரவரி 3, காலை 6.15

ஈரோட்டான் சொல்வதில் பாதி சரி. பிரெஞ்சு மட்டும் தெரிந்த ஆசிரியர்களை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பியது பெரிய குறை, 2016 நவம்பரில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆனால் 1965 ஒப்பீடு பொருந்தாது. தமிழ் நம் வீட்டு மொழி. கேமரூனில் இருநூறுக்கு மேல் மொழிகள், ஆங்கிலம் யாருக்கும் பாட்டி பேசிய மொழி இல்லை. தெருவில் பேசுவது பிட்ஜின், வீட்டில் பேசுவது லாம்ன்ஸோவோ பஃபுட்டோ வேறு ஏதாவதோ.

முதலில் தெருவுக்கு வந்தவர்கள் யார் என்று பாருங்கள். ஆசிரியர்களுக்கும் முன்னால், 2016 அக்டோபரில், வக்கீல்கள். நவம்பரில் ஆங்கிலப் பக்கத்து ஊரான பமெண்டாவில் கறுப்பு கவுனும் வெள்ளை விக்கும் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை அடித்தது, விக்கையும் கவுனையும் பிடுங்கியது. வெயில் ஊரில் குதிரைமயிர் விக் போட்டுக்கொள்வதற்காகவா இந்தப் பாடு என்று தோன்றும். துறைமுகத்தான் கேட்ட கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பிரிட்டன் தெற்குத் துண்டை நைஜீரியாவின் ஒரு மூலை போலத்தான் ஆண்டது. 1955இல் தெற்குக் கேமரூன் உயர்நீதிமன்றச் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன் 11ஆவது பிரிவு, இங்கிலாந்தில் தீர்ப்புகள் வழியாக வளர்ந்த பொதுச் சட்டமும், 1900 ஜனவரி 1 அன்று அங்கே நடைமுறையில் இருந்த பொதுவான நாடாளுமன்றச் சட்டங்களும் இங்கே செல்லும் என்கிறது. ஆற்றுக்குக் கிழக்கே நெப்போலியன் காலத்து 1804 சிவில் கோட். நாடு 1961இல் ஒன்றானது, நீதிமன்றம் ஒன்றாகவில்லை. அந்த 11ஆவது பிரிவு தொடர்ந்து உயிரோடு இருந்தது.

15ஆவது பிரிவு இன்னும் விசித்திரம். விவாகரத்து, உயில் விஷயங்களில் இங்கிலாந்தில் "அப்போதைக்கு" எது நடைமுறையோ அதன்படி தீர்க்கலாம் என்கிறது. அதாவது 1900 என்ற பூட்டு அதற்கு இல்லை. அதனால் பமெண்டாவில் விவாகரத்து கேட்டுப் போகும் ஒரு பெண்ணின் வழக்கில், இங்கிலாந்து நாடாளுமன்றம் 1973இல் போட்ட திருமணச் சட்டத்தை வைத்து வாதாடியிருக்கிறார்கள். சுதந்திரத்துக்கு 12 வருடம் கழித்து, இவர்கள் ஓட்டே போடாத ஒரு நாடாளுமன்றம் போட்ட சட்டம்.

புதுவை_சீனு · பிப்ரவரி 3, மதியம் 1.05

வெண்பா அம்மா, இதைப் படித்ததும் எங்கள் வீட்டுக் கதை ஞாபகம் வந்துவிட்டது. நாங்கள் புதுச்சேரி. எங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் 1881 ஆணைப்படி சாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போனவர், ரெனோன்சான் என்பார்கள். 1963இல் இந்துச் சட்டங்களைப் புதுவைக்கு நீட்டியபோதும் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று விலக்கு வைத்துவிட்டார்கள். அப்பா போன பிறகு பாகம் பிரிக்கும்போது பார்த்தால், நாங்கள் இந்திய வாரிசுச் சட்டத்தில் இல்லை, பிரெஞ்சு சிவில் கோடில் இருக்கிறோம். பக்கத்துத் தெருவில் ஒரே சாதி, ஒரே கோயில், அவர்களுக்கு வேறு சட்டம். வங்கியில் ஒரு அதிகாரிக்கு இதை விளங்கவைப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. கடைசிவரை அவர் நம்பவில்லை.

ஆனால் புதுவையில் இதை வைத்து யாரும் கொடி பிடிக்கவில்லையே? அங்கே மட்டும் ஏன்?

ஈரோட்டான் · பிப்ரவரி 3, மதியம் 1.40

ஏனென்றால் நீங்கள் ஒரு கைப்பிடி பேர்.

வெண்பா · பிப்ரவரி 3, இரவு 8.20

சீனு அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. ஈரோட்டான் சொன்ன எண்ணிக்கை ஒரு காரணம். இன்னொன்று, உங்கள் சட்டம் உங்கள் பாகப்பிரிவினையோடு முடிந்துவிடுகிறது. அதை வைத்து யாருக்கும் வேலை கிடைப்பதில்லை, யாருக்கும் வேலை போவதுமில்லை. கேமரூனில் போகிறது.

அங்கே நீதிபதிகளைத் தலைநகர் யாவுண்டேயில் இருக்கும் ஒரே நிர்வாகப் பயிற்சிப் பள்ளியில் எடுத்துப் பயிற்சி கொடுத்து, நாடு முழுவதும் மாற்றல் போடுவார்கள். இது பிரெஞ்சு வழி. ஆங்கில வழியில் நீதிபதி என்பவர் வக்கீல் கூட்டத்திலிருந்து வருகிறவர். பிரெஞ்சு வழியில் அவர் ஆரம்பத்திலிருந்தே அரசு ஊழியர், மேலே நீதித்துறை அமைச்சகம் இருக்கிறது. அப்படி வந்தவர் பமெண்டா நீதிமன்றத்தில் உட்காருகிறார். சாட்சி பிட்ஜினில் சொல்கிறார், வக்கீல் ஆங்கிலத்தில் பழைய தீர்ப்புகளை அடுக்குகிறார், நீதிபதி பிரெஞ்சில் குறிப்பு எழுதுகிறார். ஆங்கில வழியில் முன்தீர்ப்புதான் சட்டம். அவர் படித்த படிப்பில் சிவில் கோடின் வாசகம்தான் சட்டம், முன்தீர்ப்பு ஒரு துணை மட்டும். மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சரிசெய்கிற விஷயம் இல்லை இது.

இன்னொரு அடி வணிகச் சட்டத்தில் வந்தது. 1993இல் பெரும்பாலும் பிரெஞ்சு வழி நாடுகள் சேர்ந்து ஓஹாடா என்ற பொது வணிகச் சட்ட ஒப்பந்தம் போட்டன. அதன் 42ஆவது பிரிவு வேலை மொழி பிரெஞ்சு என்றது. கேமரூன் அதில் சேர்ந்ததும், பமெண்டாவில் கம்பெனி பதிவு, கடன் வழக்கு எல்லாம் அந்தச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. 2008இல்தான் ஆங்கிலத்தையும் வேலை மொழியாகச் சேர்த்து ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். 2016இல் வக்கீல்கள் வைத்த கோரிக்கைகளில் ஓஹாடாவுக்கு ஒழுங்கான ஆங்கில வடிவம் வேண்டும் என்பதும் ஒன்று.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2007இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் இரண்டு பக்கத்துக்கும் பொது, அதில் ஆங்கில வழியின் சாயல் நிறையவே உண்டு. அதனால் யாவுண்டே எல்லாவற்றிலும் பிரெஞ்சைத் திணித்தது என்று ஒரே வரியில் எழுதிவிட முடியாது.

துறைமுகத்தான் · பிப்ரவரி 4, இரவு 11.10

வயிற்றுப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கில வழியில் நிலப் பத்திரம், ஒப்பந்தம் எல்லாம் எழுதித் தருவது வக்கீலின் வேலை, நல்ல வருமானம். பிரெஞ்சு வழியில் அதற்கென்று அரசு நியமிக்கும் நோட்டேர் இருக்கிறார், கட்டணம் அவருக்குப் போகும். மேற்குப் பக்கத்தில் நோட்டேர்களைக் கொண்டுவந்தால் வக்கீலுக்கு என்ன மிஞ்சும்? எங்கள் கம்பெனி லிம்பேயில் ஒரு கோடவுன் எடுத்தபோது, பத்திரத்தை யார் எழுதுவது என்பதிலேயே டூவாலா நோட்டேருக்கும் லிம்பே வக்கீலுக்கும் ஒரு மாதம் இழுத்தது. எனக்கு அப்போது இது வெறும் கமிஷன் சண்டை என்றுதான் பட்டது.

பள்ளியிலும் இதே கதைதான். அங்கே ஓ லெவல், ஏ லெவல் பரீட்சையை நடத்த தனி வாரியம் வேண்டும் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் பல வருடம் தெருவில் நின்று 1993இல் வாங்கினார்கள். என்னோடு வேலை பார்த்த கும்போ ஊர்க்காரர் அந்தப் போராட்டத்தைச் சுதந்திரப் போராட்டம் மாதிரி சொல்வார். அவர் தாய்மொழி, அவர் அரசர், அவர் ஊர்த் திருவிழா எதைப் பற்றியும் அந்தச் சூடு அவர் குரலில் வராது. பரீட்சை வாரியம் என்றால் வரும். பக்கத்து மேசையில் இருந்த பிரெஞ்சுப் பக்கத்துக்காரர், அதே காலத்தில், தன் பிள்ளைகளை டூவாலாவில் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்திருந்தார். நல்ல வேலை கிடைக்குமாம்.

சும்மா_வாசகன் · பிப்ரவரி 4, இரவு 11.32

சிபிஎஸ்இயா ஸ்டேட் போர்டா என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் நடப்பதைப் பார்த்தால், ஆயுதம் கிடைக்காததால்தான் தப்பித்தோம்.

கடலோடி · பிப்ரவரி 6, அதிகாலை 3.25

கப்பலில் இருந்து எழுதுகிறேன், சிக்னல் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். கோடு முக்கியமில்லை என்று சொல்கிறவர்கள் பகாசிக்குப் போய்ப் பார்க்கவேண்டும். கலபார், டூவாலா பக்கம் பலமுறை போயிருக்கிறேன். பகாசி என்பது நைஜீரியா, கேமரூன் எல்லையில் கடலை ஒட்டிய சதுப்பு நிலமும் கழிமுகமும். அங்கே மீன் பிடித்துக் காயவைத்து வாழ்கிறவர்கள் பெரும்பாலும் நைஜீரியாவிலிருந்து வந்தவர்கள். எண்ணெய் இருக்கும் என்றதும் இரண்டு அரசும் படையை அனுப்பின. கடைசியில் 2002 அக்டோபர் 10 அன்று ஹேக் சர்வதேச நீதிமன்றம் அது கேமரூனுக்கு என்றது. எதை வைத்து? 1913இல் பிரிட்டனும் ஜெர்மனியும் போட்ட ஒப்பந்தத்தை வைத்து. 2008 ஆகஸ்டில் நைஜீரியா முழுதாக ஒப்படைத்தது. அங்கே குடியிருந்தவனிடம் யாரும் கேட்கவில்லை. கோடுதான் சார் எல்லாம்.

சும்மா_வாசகன் · பிப்ரவரி 6, காலை 7.50

கச்சத்தீவு பற்றி யாராவது பேசுவீர்கள் என்று இரண்டு நாளாகக் காத்திருக்கிறேன்.

துறைமுகத்தான் · பிப்ரவரி 6, காலை 8.05

தயவுசெய்து வேண்டாம். அதற்குத் தனி இழை திறங்கள், 400 பதில் வரும், ஒருவரும் 1974 ஒப்பந்தத்தைப் படித்திருக்கமாட்டார்கள்.

வெண்பா · பிப்ரவரி 6, இரவு 9.15

கடலோடி சொன்ன பகாசி வழக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், அதில் பெரிய விஷயம் இருக்கிறது.

நைஜீரியாவின் வாதம் இது: 1884 செப்டம்பரில் பழைய கலபாரின் அரசர்களும் தலைவர்களும் பிரிட்டனோடு செய்தது பாதுகாப்பு ஒப்பந்தம்தான், நிலத்தை விற்கவில்லை. தனக்குச் சொந்தமில்லாத நிலத்தை பிரிட்டன் 1913இல் ஜெர்மனிக்கு எப்படித் தூக்கிக் கொடுக்க முடியும்? கேட்கும்போது நியாயமாக இருக்கிறது இல்லையா? நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தக் காலத்துச் சட்டப்படி, அப்படிப்பட்ட உள்ளூர்த் தலைவர்களோடு செய்த பாதுகாப்பு ஒப்பந்தம் சமமான இரண்டு அரசுகள் செய்த ஒப்பந்தம் ஆகாது, அதனால் எல்லையைத் தீர்மானிக்க பிரிட்டனுக்கு அதிகாரம் இருந்தது என்றது. அதாவது 2002இல் ஒரு ஆப்பிரிக்க நிலத்துக்கு யார் சொந்தக்காரர் என்று தீர்க்க, ஆப்பிரிக்க அரசர்களின் கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை 1884இல் ஐரோப்பா வைத்திருந்த அளவுகோலால் அளந்தார்கள். பின்காலனியக் கோட்பாட்டுக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அந்தத் தீர்ப்பு சில பத்திகளில் காட்டிவிடுகிறது.

ஆனால் சர்வதேச நீதிமன்றத்தை மட்டும் திட்டமுடியாது. 1964 ஜூலையில் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு, சுதந்திரத்தின்போது இருந்த எல்லைகளை மதிப்போம் என்று தானே தீர்மானம் போட்டது. சோமாலியாவும் மொராக்கோவும் மட்டும் முரண்டு பிடித்தன. மற்றவர்களுக்கு அந்தக் கோடுகள் பிடித்துப்போய் இல்லை. ஒரு கோட்டைத் தொட்டால் எல்லாக் கோடும் ஆடும் என்ற பயம். கோட்டைப் போட்டவன் போன பிறகு அதற்குக் காவல் நின்றவர்கள் அந்தந்த நாட்டுத் தலைவர்கள்தான்.

கடலோடி · பிப்ரவரி 7, இரவு 1.40

ஏற்கிறேன். ஆனாலும் மீன்காரனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அவனுக்கு நேற்று வந்த போலீஸ் ஒரு சீருடை, இன்று வருகிற போலீஸ் வேறு சீருடை, வசூல் ஒன்றேதான்.

ஈரோட்டான் · பிப்ரவரி 8, மாலை 6.30

கோட்பாடு கோட்பாடு என்கிறீர்களே, அந்தக் கோட்பாடு இதில் எதை விளக்கியது? எனக்குத் தெரிந்தவரை அவர்கள் ஆங்கில நாவல்களில் யாரை எப்படி வர்ணித்திருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறார்கள். பமெண்டாவில் ஒரு வக்கீலின் விக்கைப் பிடுங்கியதற்கு அது என்ன சொல்லும்?

வெண்பா · பிப்ரவரி 9, காலை 6.40

நாவல் பக்கம் இருப்பவர்களை விடுங்கள். உகாண்டாவின் மஹ்மூத் மம்தானி 1996இல் ஒரு வாதம் வைத்தார். காலனிய அரசுக்கு இரண்டு முகம். நகரத்தில் சட்டம், நீதிமன்றம், உரிமை, அது குடிமக்களுக்கு. கிராமத்தில் வழக்கம் என்ற பெயரில் ஒரு தலைவர். வரி வசூல், கட்டாய வேலை, தண்டனை எல்லாம் அந்த ஒருவர் கையில், அது குடிபடைகளுக்கு. சுதந்திரம் வந்ததும் நகரத்து முகத்தில் வெள்ளை நிறம் போனது, கிராமத்து முகம் அப்படியே இருந்தது என்கிறார்.

கேமரூனில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பமெண்டா மலைநாட்டில் ஃபோன் என்கிற அரசர்கள் முன்பே இருந்தார்கள், பிரிட்டன் அவர்கள் வழியாக ஆண்டது. புவேயா பக்கத்து பக்வேரி மக்களுக்கு அப்படிப்பட்ட பெரிய அரசர் கிடையாது. ஆனால் தலைவர் வழியாகத்தான் ஆள்வோம் என்று முடிவு செய்துவிட்டால் தலைவர் வேண்டுமே, நியமித்தார்கள். சுதந்திர கேமரூன் இதைக் கலைத்ததா? 1977 ஜூலை 15 அன்று ஒரு ஆணை போட்டு எல்லாத் தலைவர்களையும் முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று வரிசைப்படுத்தி நிர்வாகத்துக்குக் கீழே வைத்தது. அந்தத் தரவரிசை பிரெஞ்சு ஆட்சியின் பழக்கம். ஆங்கிலப் பக்கத்து ஃபோன்களும் அதற்குள் வந்தார்கள். இன்று யாவுண்டே கூப்பிட்டால் ஃபோன் போகவேண்டும், போனால் ஊரில் பிரிவினைப் போராளிகள் அவரைத் துரோகி என்பார்கள். பல ஃபோன்கள் ஊரை விட்டே போய்விட்டார்கள்.

ஆனால் மம்தானி ஓர் இடத்தில் கைகொடுக்கமாட்டார். அவர் கணக்கில் பிரிட்டிஷ் வழியும் பிரெஞ்சு வழியும் கடைசியில் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன. இங்கே சண்டையே அந்த இரண்டுக்கும் இருக்கும் வித்தியாசத்தின் மேல் நிற்கிறது. அதுவும் கிராமத்தில் தொடங்கவில்லை. குடிமக்கள் முகம் என்று அவர் சொன்ன நகரத்தில், நீதிமன்ற வாசலில் தொடங்கியது.

புதுவை_சீனு · பிப்ரவரி 9, மதியம் 12.20

அப்போ ஆங்கிலேயன் ஆண்டது தேவலை, பிரெஞ்சுக்காரன் ஆண்டது மோசம் என்கிறீர்களா? எங்கள் தாத்தா தலைகீழாகச் சொல்வார்.

வெண்பா · பிப்ரவரி 9, இரவு 10.05

இல்லை அண்ணே. பிரிட்டன் அந்தத் தெற்குத் துண்டுக்குச் செலவே செய்யவில்லை. ஒதுக்கப்பட்ட ஒரு மூலையாகத்தான் வைத்திருந்தது. 1961இல் அவசரமாகக் கையைக் கழுவியது. தனி நாடு என்ற மூன்றாவது வழியை வாக்குச்சீட்டில் வைக்காததில் அதற்குப் பங்கு உண்டு.

பிரெஞ்சுப் பக்கம் விட்டுப்போனது வேறு மாதிரி. யுபிசி என்ற கட்சி உடனடி சுதந்திரமும் இரண்டு கேமரூனும் ஒன்றாவதும் வேண்டும் என்றது. 1955இல் தடை செய்தார்கள். தலைவர் ரூபன் உம் நியோபே 1958 செப்டம்பரில் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னால் வந்த ஃபெலிக்ஸ் மூமியே 1960இல் ஜெனீவாவில் விஷம் வைத்துக் கொல்லப்பட்டார். கேமரூன் சுதந்திரம் பெற்றபோது பமிலேகே பகுதியில் போர் நடந்துகொண்டிருந்தது. பிரெஞ்சு ராணுவ அதிகாரிகள் புது அரசின் படையோடு நின்றார்கள். முதல் அதிபர் அஹிஜோவின் அரசு கலக ஒடுக்கலிலேயே பிறந்த அரசு. 1962 மார்ச்சில் அரசுக்கு எதிரான பேச்சையே குற்றமாக்கும் அவசரச் சட்டம் வந்தது. அஷீல் எம்பெம்பே கேமரூன்காரர், அவருடைய ஆரம்பகால வரலாற்று ஆய்வு இந்தக் காட்டுப் போரைப் பற்றியது. சுதந்திரத்துக்குப் பிந்தைய அதிகாரத்தைப் பற்றி அவர் எழுதியதற்கெல்லாம் வேர் அங்கே இருப்பதாக எனக்குத் தோன்றும்.

இந்த அரசோடுதான் தெற்குக் கேமரூன் 1961இல் போய்ச் சேர்ந்தது. ஒரு பக்கம் சட்டசபையும் எதிர்க்கட்சியும் வக்கீலும் பழக்கம். மறு பக்கம் ஒற்றுமைக்கு எதிராக யார் பேசினாலும் கலகக்காரர் என்று பார்த்துப் பழக்கம்.

துறைமுகத்தான் · பிப்ரவரி 11, இரவு 9.30

வெண்பா சொன்னதைப் படித்தபிறகு எனக்கே ஒரு சந்தேகம். கூட்டாட்சியை 1972 மே 20 அன்று ஒரு வாக்கெடுப்பு வைத்து அஹிஜோ கலைத்தார். கொடியில் இரண்டு நட்சத்திரம் இருந்தது, 1975இல் ஒன்றானது. 1984இல் அவருக்கு அடுத்து வந்த அதிபர் பியா நாட்டின் பெயரைக் "கேமரூன் குடியரசு" என்று மாற்றினார். 1960இல் பிரெஞ்சுப் பகுதி மட்டும் தனியாக இருந்தபோது வைத்திருந்த அதே பெயர். மேற்குப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லிச் சொல்லி எரிவார்கள். நாங்கள் சேர்ந்ததே நடக்காத மாதிரி ஆக்கிவிட்டார்கள் என்று.

இதெல்லாம் செய்தது வெள்ளைக்காரன் இல்லையே. கூட்டாட்சியை மட்டும் விட்டுவைத்திருந்தால் இரண்டு நீதிமன்றமும் இரண்டு பரீட்சையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கும். கனடாவில் கியூபெக் இல்லையா? அப்படியானால் காலனியம் கொடுத்தது விறகு மட்டும், கொளுத்தியது 1972.

ஈரோட்டான் · பிப்ரவரி 11, இரவு 9.55

இதைத்தான் நான் முதல் நாளே சொன்னேன். மாநில சுயாட்சி.

சும்மா_வாசகன் · பிப்ரவரி 11, இரவு 9.58

முதல் நாள் நீங்கள் சொன்னது மொழி.

வெண்பா · பிப்ரவரி 12, காலை 6.30

1972ஐத் தனியாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஒரே தேசம், ஒரே மையம், மாவட்டத்துக்கு மையம் அனுப்பும் பிரேஃபே என்ற ஓர் அதிகாரி என்ற யோசனை அஹிஜோவுக்கு எங்கிருந்து வந்தது? அவர் வளர்ந்த நிர்வாகத்தில் அதைத் தவிர வேறு அரசு கிடையாது. அவருக்குக் கூட்டாட்சி என்பது ஒரு தற்காலிகச் சமாதானம். தெற்குக் கேமரூனின் பிரதமராக இருந்த ஃபோன்ச்சாவுக்கு அது நிபந்தனை. 1961 ஜூலையில் ஃபும்பனில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அரசியல் சட்டம் பேசியபோது, அரசு என்றால் என்ன என்பதில் இருவர் மனதிலும் வேறு வேறு படம். அதே பழக்கம் 2017 ஜனவரியிலும் தெரிந்தது. வக்கீல்களும் ஆசிரியர்களும் சேர்ந்து நடத்திய அமைப்பைத் தடை செய்து, தலைவர்களைப் பிடித்து, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ராணுவ நீதிமன்றத்துக்கு அனுப்பி, ஆங்கிலப் பக்கத்து இரண்டு மாகாணத்திலும் 93 நாள் இணையத்தை நிறுத்தினார்கள். பேசக்கூடியவர்கள் சிறைக்குப் போனதும், வெளிநாட்டில் இருந்துகொண்டு தனிநாடு கேட்டவர்கள் கையில் விஷயம் போனது. அதற்குப் பிறகு அரசு உச்ச நீதிமன்றத்தில் பொதுச் சட்டப் பிரிவு தொடங்கியது, 2019இல் சிறப்பு அந்தஸ்தும் அறிவித்தது. 2016இல் கொடுத்திருந்தால் வேறு கதை.

கடலோடி · பிப்ரவரி 14, மாலை 5.10

ஒரு கேள்வி. பிரிட்டனுக்கு இரண்டு துண்டு என்றீர்கள். வடக்குத் துண்டு நைஜீரியாவுக்குப் போனதே, அங்கே யாராவது கேமரூன் கேட்கிறார்களா? துறைமுகத்தான் வாதத்துக்கு அதுதான் பரீட்சை.

வெண்பா · பிப்ரவரி 15, காலை 7.00

இதை யாராவது கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வடக்கில் இரண்டு வாக்கெடுப்பு நடந்தது. 1959இல் நைஜீரியாவின் வடக்கு மாகாணத்தோடு சேர்கிறீர்களா, பிறகு முடிவு செய்கிறீர்களா என்று கேட்டார்கள். பிறகு என்று சுமார் 70,000 பேர், சேர்கிறோம் என்று சுமார் 43,000 பேர். பிரிட்டன் அதிர்ந்துவிட்டது. விசாரித்தால், மக்களுக்கு நைஜீரியா மேல் கோபம் இல்லை, தங்கள் மேல் உட்கார்ந்திருந்த உள்ளூர் நிர்வாகத்தின் மேல் கோபம். அந்த நிர்வாகத்தை மாற்றியமைத்தார்கள். 1961இல் மறுபடி கேட்டபோது நைஜீரியாவுக்கு 1,46,296, கேமரூனுக்கு 97,659. கேமரூன் வழக்குப் போட்டது, 1963இல் ஹேக் நீதிமன்றம் இனிமேல் தீர்ப்பு சொல்லி ஒன்றும் ஆகாது என்று முடித்துவிட்டது.

அதற்குப் பிறகு அங்கே கேமரூன் கேட்டு ஒரு பெரிய இயக்கமும் வரவில்லை. நீதிமன்றமும் பள்ளியும் வரி வசூலும் முன்பு எந்த வழியில் நடந்ததோ அதே வழியில் நடந்தன. துறைமுகத்தான் வாதத்துக்கு இது சாதகம்.

துறைமுகத்தான் · பிப்ரவரி 15, இரவு 10.20

போகோ ஹராம் 2014இல் கலீஃபா ஆட்சி என்று அறிவித்த குவோசா அந்த வடக்குத் துண்டில்தானே இருக்கிறது?

வெண்பா · பிப்ரவரி 15, இரவு 10.50

ஆமாம், பமாவும் அப்படித்தான். ஆனால் அது கேமரூனோடு சேரும் சண்டை இல்லை. அதற்கும் பழைய கோட்டுக்கும் என்ன தொடர்பு என்று இன்னொரு நாள் பேசலாம், எனக்கே தெளிவில்லை.

புதுவை_சீனு · பிப்ரவரி 16, காலை 9.30

ஒன்று கேட்கிறேன். வடக்கில் உள்ளூர் அதிகாரியின் மேல் இருந்த கோபத்தில் ஓட்டுப் போட்டார்கள் என்றால், தெற்கிலும் அப்படித்தான் இருக்குமோ? கேமரூன் மேல் ஆசையா, வேறு யார் மேலாவது கோபமா?

வெண்பா · பிப்ரவரி 16, இரவு 8.45

கோபம் பெரிய காரணம். தெற்குத் துண்டை நைஜீரியாவின் கிழக்கு மாகாணத்தோடு சேர்த்து ஆண்டதால் வியாபாரம், குமாஸ்தா வேலை, ரயில்வே, போலீஸ் என்று இக்போ மக்கள் வந்து நிறைந்தார்கள். நைஜீரியாவோடு சேர்ந்தால் இக்போ ஆதிக்கம் என்பதுதான் ஃபோன்ச்சா கட்சியின் பிரசாரம். ஜெர்மன் காலத்தில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம் என்ற பேச்சும் இருந்தது, முப்பது வருட ஜெர்மன் ஆட்சியைப் பொற்காலம் போலச் சொல்வார்கள், தோட்டங்களில் கட்டாய வேலை வாங்கியதை விட்டுவிட்டு. ஆனால் எல்லா ஊரும் ஒரே மாதிரி போடவில்லை. என்காம்பே பக்கம் நைஜீரிய எல்லையோரத் தொகுதிகள் நைஜீரியாவுக்கே போட்டன. அவர்களுக்குச் சந்தை அந்தப் பக்கம்.